ஊசிமருந்து அறையின் கூரைக் கணக்கு

ஊசிமருந்தைக் குப்பியில் நிரப்பும் இடத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,520-ஐத் தாண்டக் கூடாது. ஐரோப்பிய விதிகளில் இது ‘ஏ’ தரம். அதைச் சுற்றி ஆட்கள் நிற்கும் அறை ‘பி’ தரம். வேலை இல்லாதபோது அங்கும் அதே வரம்புதான். வேலை நடக்கும்போது 3,52,000 வரை அனுமதி உண்டு. மனிதத் தோலும் உடையும் ஓயாமல் துகள்களை உதிர்ப்பவை.

5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் கொண்ட ‘பி’ அறையை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 60 கன மீட்டர். மணிக்கு 40 முறை காற்றை மாற்ற 2,400 கன மீட்டர் வேண்டும். 1.2க்கு 0.6 மீட்டர் அளவுள்ள ஹெப்பா வடிகட்டிகள் மூன்று போதும். கூரையில் சுமார் 11 சதவீதமே மூடப்படும்.

‘ஏ’ தரத்தில் காற்று நொடிக்கு 0.45 மீட்டர் அளவில், கலங்காமல் ஒரே திசையில் இறங்க வேண்டும். அறை முழுவதற்கும் அப்படிச் செய்தால் கூரையே வடிகட்டியாகிவிடும். மணிக்கு 540 முறை காற்று மாறும். செலவு தாங்காது. எனவே நிரப்பும் இயந்திரத்துக்கு மேல் மட்டும் அந்த ஏற்பாடு.

காற்று மாறும் எண்ணிக்கை மட்டும் தூய்மைக்குச் சான்றாகாது. மூலையில் காற்று தேங்கினால் துகளும் தங்கும். புகைவிட்டுப் பார்த்தால் அது தெரிந்துவிடும். வேலை முடிந்து ஆட்கள் வெளியேறியபின், 20 நிமிடத்துக்குள் துகள் எண்ணிக்கை பழைய அளவுக்கு இறங்குகிறதா என்றும் பார்ப்பார்கள்.