கப்ளர் வேகத்தைத் தின்னுமா?

சென்ற கல்வியாண்டில் எங்கள் உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு புதிய கட்டடத்திற்கு மாறியது. வகுப்பில் உள்ள கணினியும் புரொஜெக்டரும் உடன் சென்றன. பாடக் காணொலிகள் கணினி ஆய்வகத்தின் சர்வரில் இருப்பதால், வகுப்பறைக் கணினிக்கு நெட்வொர்க் கேபிள் தேவைப்பட்டது. ஆய்வகத்திலிருந்து ஆசிரியர் அறை வரை 55 மீட்டர் கேபிள் ஏற்கெனவே இருந்தது. அங்கிருந்து புதிய வகுப்பறைக்கு இன்னும் 32 மீட்டர். எலக்ட்ரீஷியன் ஒரு புதிய கேபிளை இழுத்து, ஆசிரியர் அறையில் ஒரு கப்ளர் வைத்து இரண்டையும் இணைத்துவிட்டுச் சென்றார்.

கணினி இயங்கியது, இணையமும் வந்தது. ஆனால் ஓர் அலகுக்கான காணொலிகளை, ஏறக்குறைய 4 ஜிகாபைட், சர்வரிலிருந்து நகல் எடுக்க ஆறு நிமிடம் ஆயிற்று. பழைய வகுப்பறையில் இது ஒரு நிமிடத்திற்குள் முடிந்த வேலை. நாற்பது நிமிடப் பாடவேளையில் ஆறு நிமிடம் என்பது சிறிய இழப்பு இல்லை.

தலைமை ஆசிரியர் சொன்னார்: "நடுவுல ஜாயிண்ட் போட்டதாலதான் சார். ஒரு கட்டு கேபிள் வாங்கி ஒரே நீளமா இழுத்துடலாமா?"

ஒரு கட்டு என்பது 305 மீட்டர். அந்தப் பணத்தில் வேறு பல வேலைகள் செய்யலாம். "இரண்டு நாள் கொடுங்க மேடம், பார்த்துச் சொல்றேன்" என்றேன். அந்த இரண்டு நாளிலும், பின்னர் சில மாதங்கள் கழித்தும் நான் கற்றுக்கொண்டதே இந்தக் கட்டுரை.

கப்ளர் என்ன செய்கிறது?

கப்ளர் என்பது இரு பக்கமும் சாக்கெட் உள்ள சிறு பெட்டி. ஒரு கேபிளின் எட்டுக் கம்பிகளை மற்றொன்றின் எட்டுக் கம்பிகளோடு நேருக்கு நேர் தொடச் செய்கிறது, அவ்வளவுதான். அதற்கு மின்சாரம் தேவையில்லை. வரும் சமிக்ஞையை அது பெருக்குவதும் இல்லை, திருத்துவதும் இல்லை. ஆகவே கப்ளருக்குப் பிறகு நீளக் கணக்கு புதிதாகத் தொடங்குவதில்லை. 55-ம் 32-ம் சேர்ந்து 87 மீட்டர். ஆய்வகத்தில் சுவிட்சுக்குச் செல்லும் 2 மீட்டர் வடமும், வகுப்பில் கணினிக்குச் செல்லும் 3 மீட்டர் வடமும் சேர்த்தால் 92 மீட்டர்.

இனி இழப்பைப் பார்ப்போம். 100 மெகாஹெர்ட்ஸ் அலை, 100 மீட்டர் கேட் 5இ கேபிளில் 22 டெசிபல் வரை இழக்கலாம். அதாவது, புறப்பட்ட ஆற்றலில் ஏறக்குறைய 160-ல் ஒரு பங்கு மட்டுமே மறுமுனைக்கு வந்து சேரும். அதே அலைக்கு ஒரு தரமான இணைப்பில் அனுமதிக்கப்படும் இழப்பு 0.4 டெசிபல். இது ஏறக்குறைய 2 மீட்டர் கேபிளின் இழப்புக்குச் சமம். கப்ளரின் இரு பக்கமும் பிளக் செருகுவதால், அதிகம் போனால் 4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நூறு மீட்டர் என்ற வரம்பை வகுத்தபோதே வழியில் வரும் நான்கு இணைப்புகளுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். எனவே நல்ல கப்ளர் ஒன்றுக்காக வேகம் குறையக் காரணமே இல்லை.

கேபிளைச் சீவி, கம்பிகளை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றுவது வேறு கதை. உள்ளே கம்பிகள் இரண்டிரண்டாகப் பின்னப்பட்டிருப்பதே ஒரு ஜோடியின் சமிக்ஞை அடுத்த ஜோடிக்குள் கசியாமல் இருக்கத்தான். பிளக்கிலோ சாக்கெட்டிலோ அந்தப் பின்னலை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. டேப் சுற்றிய இணைப்பில் அதைவிடப் பல மடங்கு பிரிந்திருக்கும்.

அப்படியானால் வேகம் எங்கே போனது?

தண்ணீர்க் குழாயில் கசிவு இருந்தால் நீர் கொஞ்சம் குறைவது போல நெட்வொர்க் வேகம் குறைவதில்லை. எங்கள் பள்ளியில் உள்ளது போன்ற கருவிகளில் அது படிப்படியாக இறங்கும்: நொடிக்கு 1000 மெகாபிட், அடுத்தது 100, அதற்கும் கீழே 10. வகுப்பறைக் கணினி லினக்ஸில் இயங்குவதால் இந்தக் கட்டளையைக் கொடுத்தேன் (`enp3s0` என்பது எங்கள் கணினியின் நெட்வொர்க் அட்டைக்குரிய பெயர், `ip link` என்று தட்டினால் உங்கள் கணினியில் உள்ள பெயர் தெரியும்).

```
cat /sys/class/net/enp3s0/speed
```

விடை `100`. விண்டோஸ் கணினியானால் பவர்ஷெல்லில் `Get-NetAdapter` என்று தட்டி, `LinkSpeed` என்ற பத்தியைப் பார்க்கலாம்.

இந்த எண்ணே காரணத்தைக் காட்டிவிட்டது. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்திற்கு இரண்டு ஜோடிக் கம்பிகள் போதும்; 1, 2, 3, 6 ஆகிய முனைகள் மட்டும் வேலை செய்யும். 1000 மெகாபிட்டுக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். எவ்வளவு வேகத்தில் பேசலாம் என்று இரு கருவிகளும் முதலில் கலந்து பேசிக்கொள்வதும் 1, 2, 3, 6 வழியாகத்தான். 'ஆயிரம்' என்று ஒப்புக்கொண்டு தொடங்கும்போது மற்ற ஜோடிகளில் ஒன்று அறுந்திருந்தால் இணைப்பு அமையாது. பல நெட்வொர்க் அட்டைகள் அப்போது தாமாகவே நூறுக்கு இறங்கிவிடும். சில அட்டைகள் இறங்காமல் திரும்பத் திரும்ப முயலும். விளக்கு எரிந்து எரிந்து அணையும்.

எங்கள் இணையச் சேவையே நொடிக்கு 100 மெகாபிட்தான். அதனால் இணைய வேகத்தைச் சோதித்தபோது யாருக்கும் குறை தெரியவில்லை. சர்வரிலிருந்து நகல் எடுத்தபோதுதான் தெரிந்தது. 4 ஜிகாபைட் என்பது 32,000 மெகாபிட். நூறு வேகத்தில் அதற்குக் குறைந்தது 320 நொடி ஆகும். ஆறு நிமிடக் கணக்கு சரியாக வந்துவிட்டது.

எட்டு விளக்குகள் கொண்ட சாதாரண கேபிள் டெஸ்டரை எடுத்துக்கொண்டேன். முதலில் 55 மீட்டர் கேபிளைத் தனியாகச் சோதித்தேன், எட்டும் எரிந்தன. அடுத்து இரண்டு சிறு வடங்களைக் கப்ளரில் செருகிச் சோதித்தேன். அப்போதும் எட்டும் எரிந்தன. கடைசியாக 32 மீட்டர் கேபிளைச் சோதித்தபோது ஏழாம் விளக்கு எரியவில்லை. பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பழுப்பு-வெள்ளைக் கம்பி மற்றவற்றைவிடச் சற்றுக் குட்டையாக நறுக்கப்பட்டு, பிளக்கின் முனை வரை எட்டாமல் நின்றிருந்தது. அதனால் பிளக்கின் தகடு அதைக் கடிக்கவில்லை.

அந்தப் பிளக்கை வெட்டிவிட்டுப் புதிதாக கிரிம்ப் செய்தோம். வரிசை இதுதான்: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. இரு முனைகளிலும் இதே வரிசை வேண்டும். ஒரே மாதிரி இருந்தால் போதும் என்று நினைத்து மனம்போன வரிசையில் வைத்தால், டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும். ஆனால் ஒன்றோடொன்று பின்னிய கம்பிகள் ஒரே ஜோடியாக வேலை செய்யாமல் போகும். அந்தப் பிழையை இந்த டெஸ்டர் காட்டாது. கண்தான் பார்க்க வேண்டும்.

கப்ளரை மாற்றவில்லை. கட்டளை இப்போது `1000` என்றது. நகலெடுக்கும் வேலை மீண்டும் ஒரு நிமிடத்திற்குள் முடிந்தது.

எல்லையைத் தாண்டியபோது

அரையாண்டு விடுமுறைக்குப் பின் அந்தக் கணினியைப் பத்தாம் வகுப்பு அறைக்கு நகர்த்த வேண்டியிருந்தது. இன்னும் 26 மீட்டர் தேவை. கப்ளர் மீது வந்த நம்பிக்கையில் இரண்டாவது கப்ளரையும் வைத்தோம். மொத்தம் 118 மீட்டர். திரையில் `1000` என்றே வந்தது. 'நூறு மீட்டர் என்பது வெறும் ஏட்டுக் கணக்குதானோ' என்று கூட நினைத்தேன்.

காலையில் குறை இல்லை. பிற்பகலில் காணொலி விட்டுவிட்டு நின்றது. அப்போது இதைப் பார்த்தேன்:

```
ip -s link show enp3s0
```

`RX` வரிசையில் `errors` என்ற எண், ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் ஏறிக்கொண்டே இருந்தது. நீண்ட வராந்தாவின் கடைசியில் நிற்கும் மாணவனுக்கு ஆசிரியர் சொல்வது பாதி கேட்காமல், "திரும்பச் சொல்லுங்க சார்" என்று கேட்பதைப் போன்றது இது. சிதைந்து வந்த தரவை அட்டை தள்ளிவிடுகிறது. அதையே சர்வர் மீண்டும் அனுப்ப வேண்டியிருக்கிறது. இணைப்பின் வேகம் திரையில் 1000 என்றே இருக்கும். வேலை மட்டும் நகராது.

பிற்பகலில் மட்டும் ஏன்? எங்கள் கேபிள் வராந்தாவின் தகரக் கூரைக்கு அடியில் செல்கிறது. வெப்பம் கூடினால் கேபிளின் இழப்பும் கூடும். 20 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஏறக்குறைய 8 விழுக்காடு அதிகம். அந்த வெயிலில் எங்கள் 118 மீட்டர், 127 மீட்டர் போல நடந்துகொண்டது. முன்பு இருந்த 92 மீட்டர் அதே வெயிலிலும் 99-ஐத் தாண்டியிருக்காது. அதனால்தான் அது தாக்குப்பிடித்தது.

தீர்வு, ஆசிரியர் அறையில் இருந்த முதல் கப்ளரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஐந்து போர்ட் கொண்ட கிகாபிட் சுவிட்ச் ஒன்றை வைத்தது. கப்ளரைப் போலன்றி, சுவிட்ச் தரவை முழுமையாக வாங்கி, புதிய சமிக்ஞையாக உருவாக்கி அனுப்புகிறது. நீளக் கணக்கும் அங்கே புதிதாகத் தொடங்குகிறது. ஆய்வகம் முதல் சுவிட்ச் வரை 57 மீட்டர். சுவிட்ச் முதல் கணினி வரை 61 மீட்டர். இரண்டாவது கப்ளர் அந்த 61 மீட்டருக்குள் இன்றும் இருக்கிறது, தொந்தரவு இல்லை. சுவிட்சால் ஏற்படும் தாமதம் நொடியின் இலட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். மறுநாள் காலையிலும் மாலையிலும் `errors` எண்ணைக் குறித்து வைத்தேன், ஏறவே இல்லை.

சுவிட்சுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. பெட்டியில் நூறு மெகாபிட் என்று போட்டிருக்கும் மலிவான சுவிட்சை வாங்கினால் வேகம் மீண்டும் நூறுக்கே இறங்கும். மேலும், அதற்கு மின்சாரம் வேண்டும். ஆசிரியர் அறையில் மின்தடை என்றால் பத்தாம் வகுப்பிலும் இணைப்பு போகும். நாங்கள் அதை யு.பி.எஸ். இணைப்பில் வைத்திருக்கிறோம். உங்கள் பள்ளியில் இரு கட்டடங்களுக்கு நடுவே கேபிள் திறந்தவெளியில் செல்வதானால், இடி மின்னலை எண்ணி ஃபைபர் கேபிள் போடுவதே நல்லது.

இப்போது எங்கள் பள்ளியில் ஒவ்வொரு கப்ளரின் மீதும் ஒரு சிறு காகிதம் ஒட்டியிருக்கிறோம். கேபிள் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, இரு பக்கமும் எத்தனை மீட்டர் என்பது அதில் இருக்கும். அடுத்த முறை யாராவது ஒரு கணினியை நகர்த்தும்போது, புதிய கேபிளை இழுப்பதற்கு முன் அந்த எண்களைக் கூட்டிப் பார்த்தால் போதும்.