ஒரே வீடு, மூன்று சம்பளம்: செலவைப் பிரிப்பது எப்படி?

சென்னை வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு வீட்டை மூன்று பெண்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் நிறுவனத்தில் இருக்கும் கவிதாவின் கைக்கு மாதம் 60,000 ரூபாய் வருகிறது. தனியார் வங்கியில் வேலை பார்க்கும் நித்யாவுக்கு 36,000. மருத்துவமனை ஆய்வகத்தில் இருக்கும் செல்விக்கு 24,000. வீட்டின் பொதுச் செலவு மாதம் 36,000 ரூபாய்.

சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 12,000. இந்தத் தொகை கவிதாவின் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு, நித்யாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, செல்விக்கோ சரிபாதி. ஊருக்குப் பணம் அனுப்பி, பஸ் செலவும் பார்த்தால் மாதக் கடைசியில் செல்வி கடன் வாங்க வேண்டியிருக்கும். அவர் வீட்டைக் காலி செய்துவிட்டால் மற்ற இருவருக்கும் தலைக்கு 18,000 ஆகிவிடும். வருமான விகிதப்படி பிரிப்பதற்கான தேவை இங்கேதான் எழுகிறது.

விகிதம் போடுவது

மூவரின் சம்பளத்தையும் கூட்டினால் 1,20,000. அதில் கவிதாவின் பங்கு 50 சதவீதம், நித்யாவுடையது 30, செல்வியுடையது 20. பொதுச் செலவான 36,000-ஐ இதே விகிதத்தில் பிரித்தால் கவிதா 18,000, நித்யா 10,800, செல்வி 7,200 கொடுக்க வேண்டும். மூவருமே தங்கள் சம்பளத்தில் 30 சதவீதத்தை வீட்டுக்குக் கொடுக்கிறார்கள்.

கணக்கில் எடுக்க வேண்டியது, பி.எஃப்., வருமான வரி எல்லாம் பிடித்தம் போக வங்கிக் கணக்கில் வந்து விழும் தொகை. வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த கடிதத்தில் இருக்கும் ஆண்டுச் சம்பளத்தை எடுத்தால் விகிதம் தவறிப் போகும். மாதாமாதம் மாறும் ஊக்கத்தொகை இருந்தால் கடைசி மூன்று மாதச் சராசரியை எடுக்கலாம். கல்விக் கடன் தவணையைக் கழிப்பதா என்பதை மூவரும் முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டும். ஒருவருக்குக் கழித்தால் எல்லோருக்கும் கழிக்க வேண்டும்.

எது பொது, எது தனி?

விகிதம் பொதுச் செலவுக்கு மட்டும்தான் பொருந்தும். ஒருவர் தனக்காகச் செய்யும் செலவை அவரேதான் கொடுக்க வேண்டும். பெரும்பாலான மனக்கசப்பு இந்த எல்லைக்கோட்டைப் போடாமல் விடுவதால் வருகிறது. ஆகவே பில்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரிப்பது நல்லது.

வாடகை 24,000, குடியிருப்புப் பராமரிப்புக் கட்டணம் 2,500. இரண்டும் பொதுச் செலவு. ஆனால் அறைகளையும் பார்க்க வேண்டும். குளியலறையும் ஏசியும் உள்ள தனி அறை கவிதாவுடையது. மற்ற இருவரும் ஓர் அறையில் இருக்கிறார்கள். வாடகையில் பாதியைக் கவிதா கொடுப்பது அதனால் உறுத்தாது. தனி அறை செல்விக்குத்தான் வேண்டும் என்றால், அந்த வசதிக்கு 3,000 ரூபாய் என்று மூவரும் பேசி, அதை அவர் தனியாகக் கொடுத்துவிட்டு, மீதி 21,000-ஐ மட்டும் விகிதப்படி பிரிக்கலாம்.

மின்கட்டணத்தில்தான் கவனம் அதிகம் தேவை. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். அதன்பின் யூனிட் கூடக்கூட ஒரு யூனிட்டின் விலையும் கூடுகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த குறைந்த விலையும் போய்விடுகிறது.

இந்த வீட்டில் இரண்டு மாதத்துக்கு 540 யூனிட் ஓடி, பில் ஏறக்குறைய 2,400 ரூபாய் வந்திருக்கிறது. ஏசி இணைப்பில் சிறிய உபமீட்டர் ஒன்றைப் பொருத்திப் பார்த்ததில் ஏசி மட்டும் 240 யூனிட். இதைச் சராசரி விலையில் கணக்கிட்டால் ஏசியின் பங்கு 1,070 ரூபாய் அளவில் வரும். ஆனால் ஏசி இல்லாமல் இருந்திருந்தால் ஓடியிருக்கக்கூடியது 300 யூனிட்தான். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி அதற்கு ஏறக்குறைய 700 ரூபாய்தான் ஆகும். மீதி 1,700 ரூபாயும் ஏசி இழுத்துவிட்ட செலவு. ஆகவே 700 பொதுக் கணக்கு, 1,700 கவிதாவின் கணக்கு. மாதத்துக்கு முறையே 350, 850.

மளிகை பில்கள் மாதத்துக்கு 9,900. அதில் நித்யா தனக்கென்று வாங்கிய கோழிக்கறி, முட்டை வகையில் 750 ரூபாய். வாங்கி வந்த அன்றே பில்லில் அதைப் பேனாவால் சுழித்துப் பெயரெழுதிவிட வேண்டும். மாதக் கடைசியில் யாருக்கும் நினைவிருக்காது. மீதி 9,150 பொது. சாப்பாடு எல்லோருக்கும் ஒன்றுதானே, இதைச் சமமாகப் பிரிக்கலாமே என்று கேட்கலாம். அப்படிப் பிரித்தால் செல்வி 1,220 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டிவரும். எந்த அரிசி, எந்த எண்ணெய் என்பதைக் கூடுதல் சம்பளக்காரரின் விருப்பம் தீர்மானிக்கிற வீட்டில் விகிதமே நியாயம். எளிய சாமான்களை மட்டும் வாங்குவது என்று மூவரும் ஒத்துக்கொண்டால் சமப் பங்கும் சரிதான்.

யார் யாருக்குத் தர வேண்டும்?

வாடகை, பராமரிப்பு, பொது மின்சாரம், பொது மளிகை நான்கும் சேர்ந்துதான் அந்த 36,000. இந்த மாதம் வாடகையைக் கவிதா கட்டியிருக்கிறார். மின்கட்டணத்துக்கான 1,200-ஐயும் எடுத்து வைத்திருக்கிறார். ஆக அவர் கையிலிருந்து போனது 25,200. அவர் தர வேண்டியது பங்கு 18,000, ஏசிக்கு 850, மொத்தம் 18,850. எனவே 6,350 அவருக்குத் திரும்ப வர வேண்டும். செல்வி மளிகைக்கு 9,900 கொடுத்திருக்கிறார், பங்கு 7,200; அவருக்கு வர வேண்டியது 2,700. நித்யா பராமரிப்புக்கு 2,500 கட்டியிருக்கிறார்; அவர் தர வேண்டியது 10,800-உடன் 750 சேர்த்து 11,550. ஆகவே நித்யா கவிதாவுக்கு 6,350, செல்விக்கு 2,700 அனுப்பினால் கணக்கு தீர்ந்தது. அனுப்பும் தொகையும் பெறும் தொகையும் 9,050 என்று சரியாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஏதோ ஒரு பில் விட்டுப்போயிருக்கிறது அல்லது இரண்டு முறை ஏறியிருக்கிறது.

எங்கே நிறுத்த வேண்டும்?

இந்த முறைக்கும் எல்லை உண்டு. அதே பகுதியில் தனியாகச் சிறிய வீடு எடுத்துத் தங்க ஆகும் செலவைவிடக் கவிதாவின் பங்கு கூடிவிட்டால், சேர்ந்து இருப்பதில் அவருக்கு லாபமில்லை. அவருடைய பங்குக்கு அந்தத் தொகையையே உச்சவரம்பாக வைத்து, மீதியை மற்ற இருவரும் தங்கள் விகிதத்தில் ஏற்க வேண்டும்.

ஒருவருக்கு வேலை போய்விட்டால் விகிதம் பூஜ்ஜியமாகிவிடும். அப்போது பழைய விகிதத்தையே வைத்துக்கொண்டு, அவர் தர முடியாததை மற்றவர்கள் கடனாக எழுதிக்கொள்வது என்று முன்பே பேசியிருக்க வேண்டும். வீட்டு முன்பணம் திரும்பி வரும் பணம் என்பதால் அது மாதக் கணக்கில் சேராது. யார் எவ்வளவு போட்டார்களோ அதை எழுதி வைத்து, காலி செய்யும்போது அவரவருக்கு அந்தத் தொகையைக் கொடுத்துவிட வேண்டும். இடையில் ஒருவர் மாறினால், அன்றைய மின்மீட்டர் ரீடிங்கைப் படமெடுத்து வைப்பது அவசியம்.

சம்பளம் மாறும்போதெல்லாம் விகிதத்தைத் திருத்துங்கள். யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதை வெளியே சொல்வதில்லை என்ற உறுதியும் மூவருக்கும் இருக்கட்டும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே விகிதத்தையும் பொதுச் செலவுப் பட்டியலையும் ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். குடிபோன பிறகு சம்பளத்தைப் பற்றிப் பேசுவது யாருக்கும் எளிதாக இருப்பதில்லை.