ஓடி நின்ற பிறகும் ஆடும் கூந்தல்

கணினி விளையாட்டில் ஒருத்தி ஓடிவந்து சட்டென்று நிற்கிறாள். உடம்பு நின்றுவிட்டது. உச்சியில் கட்டிய குதிரைவால் கூந்தல் மட்டும் முன்னே பாய்ந்து, ஆடி அடங்குகிறது. ஓட்டத்தை அனிமேட்டர் முன்கூட்டியே செய்துவைக்கலாம். ஆனால் விளையாடுபவர் எப்போது, எந்தப் பக்கம் திருப்புவார் என்பது அவருக்குத் தெரியாது. அதனால் கூந்தலின் அசைவை விளையாட்டே அவ்வப்போது கணக்கிட்டுக்கொள்கிறது. இந்த உத்திக்கு ‘ஸ்பிரிங் போன்’ என்று பெயர்.

ஜப்பானில் 2018-ல் அறிமுகமான VRM என்ற முப்பரிமாணப் பாத்திரக் கோப்பில் இது உள்ளடங்கியே வருகிறது. கூந்தலுக்குள் ஐந்து எலும்புகளைச் சங்கிலியாகக் கோத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். திரையில் ஒவ்வொரு பிரேம் மாறும்போதும், தலைப்பக்கம் தொடங்கி ஒவ்வோர் எலும்பின் நுனியும் எங்கே போகும் என்று பார்க்கப்படுகிறது. போன பிரேமில் நகர்ந்த தூரத்தில் ஒரு பங்கு இப்போதும் தொடரும். எவ்வளவு குறையும் என்பதை dragForce சொல்கிறது. அது 0.4 என்றால், 3 செ.மீ. நகர்ந்த நுனி இப்போது 1.8 செ.மீ. போகப் பார்க்கும். stiffness அதைப் பழைய வடிவத்துக்கு இழுக்கும், gravityPower கீழே இழுக்கும். கடைசியில் எலும்பின் நீளம் மாறாதபடி நுனியைச் சரிசெய்து, எலும்பை அந்தப் பக்கம் திருப்பிவிடுவார்கள். இவ்வளவுதான். உண்மையான முடியின் இயற்பியல் இதில் இல்லை. கண்ணை ஏமாற்றினால் போதும்.

முதுகுக்குள் கூந்தல் புகாமலிருக்க, உடம்பில் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளை வைப்பார்கள். ஆனால் மோதுகிறதா என்று சோதிப்பது எலும்பின் நுனியை மட்டும்தான். எலும்பு நீளமாக இருந்தால் நடுப்பகுதி தோளுக்குள் புகுந்து வெளியே வரும். அங்கே உருண்டையைப் பெரிதாக்குவதைவிட எலும்பை இரண்டாகப் பிரிப்பதே நல்லது.

பலருக்கும் பிடிபடாத கோளாறு வேறொன்று. தன் கணினியில் அழகாக ஆடும் கூந்தல், வேகம் குறைந்த கைப்பேசியில் நீரில் மிதப்பதுபோல அலைகிறது. அந்த 0.4 குறைப்பு நொடிக்கு அல்ல, பிரேமுக்கு. மற்ற விசைகளை விட்டுவிட்டுப் பார்த்தால், நொடிக்கு 60 பிரேம் ஓடும் கணினியில் 0.1 நொடிக்குள் ஆறு முறை குறைத்து, தொடக்க நகர்வில் 5 சதவீதம்கூட மிஞ்சாது. 30 பிரேம் ஓடும் கைப்பேசியிலோ மூன்றே முறை. 20 சதவீதத்துக்கும் மேல் மிஞ்சிவிடும். எண்களை மாற்றி மாற்றிப் பார்த்து இதைச் சரிசெய்ய முடியாது. கூந்தல் கணக்கை மட்டும் நொடிக்கு 60 முறை என்று நிலைப்படுத்தி, கைப்பேசியில் பிரேமுக்கு இரண்டு முறை ஓட்ட வேண்டும்.

பாத்திரம் ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் தோன்றும்போது கூந்தல் சாட்டைபோல வீசுவதும் இதே குடும்பம்தான். பழைய இடத்தின் நினைவு நுனியில் அப்படியே இருக்கிறது. தோன்றிய உடனே அந்த நினைவைப் புதிய இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.