பொம்மை ஒன்றரைக் கிலோ, கட்டணம் ஏழரைக் கிலோவுக்கு

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை ஒன்று சிங்கப்பூருக்குப் போக வேண்டும். விலை 6,000 ரூபாய், பெட்டியோடு எடை ஒன்றரைக் கிலோ. கூரியர் கட்டணம் கிலோவுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் தன் இணையதளத்தில் எடையை மட்டும் பதிந்து வைத்திருந்ததால், வாங்கியவரிடம் 900 ரூபாய் வசூலானது. கூரியர் பில்லோ 4,500 ரூபாய்க்கு வந்து நிற்கிறது. பொம்மையில் கிடைத்த லாபம் மொத்தமும் போய், கைக்காசும் கரைந்திருக்கும்.

கூரியர்காரர் ஏமாற்றவில்லை. விமானத்தில் எடைக்கு எவ்வளவு மதிப்போ, இடத்துக்கும் அவ்வளவு மதிப்பு. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 5,000-ஆல் வகுப்பார்கள். வருவதுதான் வால்யூமெட்ரிக் வெயிட். அதுவும் தராசு எடையும் ஒப்பிடப்பட்டு, எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். நம் பெட்டி 40×30×30. பெருக்கினால் 36,000, வகுத்தால் 7.2 கிலோ. அடுத்த அரைக் கிலோவுக்கு உயர்த்தி ஏழரைக் கிலோ என்று பில் போடுகிறார்கள்.

தலையாட்டி பொம்மையின் தலை, உடல், பாவாடை எல்லாம் தனித்தனிப் பாகங்கள். ஒவ்வொன்றையும் பிரித்துச் சுற்றி, 30×30×20 பெட்டியில் அடக்க முடிந்தால் கணக்கு 3.6 கிலோவாக இறங்கும். கட்டணம் நான்கு கிலோவுக்கு, அதாவது 2,400 ரூபாய். நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்கு இது நேர்மாறு. சிறிய பெட்டியில் அடங்கும், ஆனால் பித்தளை கனக்கும். அங்கே தராசு எடைதான் பேசும். ஆகவே இரண்டுக்கும் ஒரே கட்டணம் வைக்கும் தளம் ஏதாவது ஒன்றில் அடி வாங்கும். ஒவ்வொரு பொருளுக்கும் கட்டிய பெட்டியின் அளவையும் எடையையும் பதிவதே சரி. வெறும் பொருளின் அளவு எதற்கும் உதவாது.

அடுத்தது நாணயம். நம்மவர்கள் அதிகம் வாழும் சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா நான்கிலும் டாலர்தான். வெறும் $ குறியைப் போட்டால் யாருடைய டாலர் என்று வாங்குபவருக்குப் புரியாது. S$, A$, C$, US$ என்று எழுதிவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல், தளம் டாலரில் காட்டிவிட்டு ரூபாயில் வசூலிப்பது. ஒரு சிங்கப்பூர் டாலர் 70 ரூபாய் என்றால் பொம்மை S$85.71 என்று தெரியும். ஆனால் பணம் ரூபாயில் எடுக்கப்படுவதால் அவருடைய வங்கி தன் மாற்று விகிதத்தைப் போட்டு, வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணத்தையும் சேர்க்கும். ஸ்டேட்மென்டில் கூடுதல் தொகையைப் பார்ப்பவர் கடையைத்தான் சந்தேகிப்பார். பொருளைத் திருப்பினாலும் சிக்கல் வரும், அன்றைய விகிதத்தில் அவருக்குத் திரும்புவது குறையலாம். ஒரு ஆர்டரைப் பணம் கட்டும் பக்கம் வரை நீங்களே ஓட்டிப் பாருங்கள். அங்கே INR என்று வந்தால், ‘டாலர் விலை தோராயமானது, பணம் ரூபாயில் எடுக்கப்படும்’ என்று விலைக்கு அருகிலேயே எழுதுவதுதான் நேர்மை.

சுங்கத்தில் பலர் தவறுவது கூரியர் செலவை மறப்பதில். சிங்கப்பூருக்கு விமானத்திலோ தபாலிலோ வரும் சரக்கு S$400 வரை இறக்குமதி ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் அந்த 400 என்பது பொருள், கூரியர், காப்பீடு மூன்றும் சேர்ந்த தொகை. கொலுவுக்காக ஒருவர் நான்கு பொம்மைகளை ஒரே அனுப்பலில் கேட்கிறார். பொருள் 24,000 ரூபாய், அதாவது S$343. வரி இல்லை என்று தோன்றும். கூரியர் 9,600 ரூபாயைச் சேர்த்தால் S$480. இப்போது முழுத்தொகைக்கும் 9 சதவீதம், S$43.20 கட்ட வேண்டும். கூரியரின் கையாளும் கட்டணம் தனி.

பிரிட்டனில் முறையே வேறு. 2021 முதல், 135 பவுண்டு வரையிலான பொருளை அங்குள்ளவருக்கு நேரடியாக விற்கும் வெளிநாட்டுக் கடையே வாட் பதிவு செய்து வசூலித்துக் கட்ட வேண்டும். சந்தைத் தளம் வழியாக விற்றால் அந்தத் தளமே பார்த்துக்கொள்ளும். ஆண்டுக்குச் சில பொம்மைகள் மட்டும் போகும் கடைக்கு அதுவே நல்லது. அமெரிக்காவில் 800 டாலர் வரை இருந்த விலக்கு 2025 ஆகஸ்ட் 29-இல் நீங்கியது.

‘சுங்க வரி வாங்குபவர் பொறுப்பு’ என்று தளத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி போடுவதை நான் ஏற்க மாட்டேன். வாசலில் வரி கேட்டதும் அவர் பெட்டியை வாங்க மறுத்தால், போன கூரியர் காசு போனதுதான், திரும்பி வரும் செலவும் கடைக்காரர் தலையில் விழும். நாட்டைத் தேர்ந்ததும் அந்த நாட்டு வரி, அதை யார் கட்டுவது, தகவல் எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது என்ற மூன்றும் பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே தெரிய வேண்டும்.

வரியைத் தவிர்க்க ‘அன்பளிப்பு’ என்றோ விலையைக் குறைத்தோ எழுதித் தரச் சொல்பவர்கள் உண்டு. எழுதாதீர்கள். அது பொய் அறிக்கை. வழியில் பொம்மை உடைந்தாலும் காப்பீடு அந்தக் குறைந்த விலைக்குத்தான் கிடைக்கும். ‘கைவினைப் பொருள்’ என்று மொட்டையாக எழுதினாலும் சரக்கு நின்றுவிடலாம். காகிதக் கூழில் செய்த அலங்கார பொம்மை, நான்கு, ஒன்றின் விலை 6,000 ரூபாய் என்று முழுதாக எழுதுங்கள்.