சட்டை ஒன்றுதான், லாபம் யார் கணக்கில்?

கொங்குப் பக்கம் நான் கணக்குப் பார்த்த ஒரு சட்டை நிறுவனத்துக்குச் சொந்தத் தையல் யூனிட்டும் ஐந்து ஷோரூம்களும் உண்டு. இரண்டுக்கும் தனித்தனி மேனேஜர்கள். அவரவர் பிரிவின் லாபத்தை வைத்துத்தான் போனஸ். ஒரு மாதக் கூட்டத்தில் ஷோரூம் மேனேஜர் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "யூனிட்டுக்குப் பத்து லட்சம் லாபமுங்க சார், எங்களுக்குப் பூஜ்யம். விக்கிறது நாங்கதானுங்களே?"

அவர் கேள்வி நியாயமானது. கணக்கைப் புரட்டுவோம்; எண்களை மட்டும் எளிமையாக்கியிருக்கிறேன். துணி, தையல் கூலி, பட்டன், பேக்கிங் எல்லாம் சேர்த்து ஒரு சட்டைக்கு 400 ரூபாய் கைச்செலவு. யூனிட்டின் வாடகை, மாதச் சம்பளம் போன்ற நிலையான செலவு மாதம் 10 லட்சம். மாதம் 10,000 சட்டை தைப்பதால் ஒரு சட்டைக்கு அது 100 ரூபாய். ஆக அடக்கம் 500. ஷோரூமில் ஜிஎஸ்டி நீங்கலாக விற்பது 900 ரூபாய்க்கு. அங்கே பை, கமிஷன் என்று ஒரு சட்டைக்கு 50 ரூபாய், கடை வாடகையும் சம்பளமும் மாதம் 25 லட்சம்.

நிறுவனத்தின் மொத்த லாபம் 10 லட்சம். யூனிட் ஷோரூமுக்கு எந்த விலையில் பில் போட்டாலும் இது மாறாது. அந்த உள்விலையைத்தான் டிரான்ஸ்ஃபர் பிரைஸ் என்கிறார்கள். 600 ரூபாய்க்குப் போட்டால் 10 லட்சமும் யூனிட் பக்கம் போய்விடும். அடக்க விலையான 500-க்கே போட்டால் முழுதும் ஷோரூமுக்கு. 650 என்று வைத்தால் யூனிட் 15 லட்சம் லாபம் காட்டும், ஷோரூம் 5 லட்சம் நஷ்டம் காட்டும். ஒரு தையல்கூட மாறவில்லை, ஒரு வாடிக்கையாளர்கூடக் குறையவில்லை. ஆனாலும் அந்த நஷ்டத்தைப் பார்த்து, நன்றாக ஓடும் கடையை மூடிவிடலாமா என்று முதலாளி யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

இதோடு நின்றிருந்தால் போனஸ் தகராறு என்று விட்டிருக்கலாம். 600 ரூபாய் உள்விலை இருந்தபோது ஒரு நூற்பாலை தொழிலாளர் சீருடைக்காக 2,000 சட்டையை 580 ரூபாய்க்குக் கேட்டது. கொண்டுபோய்க் கொடுக்கும் செலவு சட்டைக்கு 20. ஷோரூம் மேனேஜர் தம் கணக்கில் சட்டைக்கு 40 ரூபாய் நஷ்டம் என்று கண்டு மறுத்துவிட்டார். அவர் நிலையில் நானும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் அப்போது யூனிட்டில் ஒரு வரிசை மெஷின்கள் உறை போட்டுக் கிடந்தன. நிறுவனத்துக்குக் கூடுதலாக ஆகியிருக்கக்கூடியது 420 ரூபாய்தான். சட்டைக்கு 160 வீதம் 3,20,000 ரூபாய் கைநழுவியது. இரு பிரிவுகளின் அறிக்கையிலும் அந்த இழப்புக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

இன்னோர் அறிகுறியும் உண்டு. சொந்த மெஷின் சும்மா நிற்கும்போது ஷோரூம் வெளியாரிடம் 560-க்கு வாங்கத் தொடங்கினால், உள்விலை கோணலாக இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். ஷோரூம் 40 ரூபாய் மிச்சம் பிடிப்பதாக நினைக்கும். 400 ரூபாயில் முடிவதற்கு நிறுவனம் 560 கொடுத்துக்கொண்டிருக்கும்.

அப்படியென்றால் எப்போதும் 400-க்கே கொடுத்துவிடலாமா? யூனிட்டுக்கு வெளி ஆர்டர் நிரம்பி வழிந்து, வேறு கடைகள் 620 கொடுக்கத் தயாராக இருந்தால் கதை வேறு. ஒரு சட்டையை உள்ளே அனுப்பும்போது வெளியே கிடைத்திருக்கும் 220 ரூபாயை யூனிட் இழக்கிறது. கைச்செலவோடு அந்த இழப்பையும் சேர்த்தால் 620. யூனிட் கேட்க வேண்டிய குறைந்தபட்ச விலை அதுதான். அப்போது 580 ரூபாய் ஆர்டரை மறுப்பதே சரி. வெளிச்சந்தை இல்லாத பொருளை, கூடுதலாக ஒன்று செய்ய ஆகும் செலவிலேயே கைமாற்ற வேண்டும் என்று பொருளியலாளர் ஜாக் ஹிர்ஷ்லைஃபர் 1956-இல் எழுதினார். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது: 400-க்கே கொடுத்தால் யூனிட் மாதாமாதம் 10 லட்சம் நஷ்டம் காட்டும். அந்த மேனேஜர் எதற்காக உழைப்பார்?

நான் சொன்ன யோசனை, விலையை இரண்டாகப் பிரிப்பது. ஒரு சட்டைக்கு 400 ரூபாய். தவிர, எத்தனை சட்டை எடுத்தாலும் ஷோரூம் யூனிட்டுக்கு மாதம் 15 லட்சம் நிலைத்தொகை. இப்போது இருவருக்கும் தலா 5 லட்சம் லாபம். 580 ரூபாய் ஆர்டர் வந்தால் ஷோரூம் மேனேஜரின் தாளிலேயே 160 ரூபாய் லாபம் தெரியும்.

அந்த 400 முன்கூட்டியே தீர்மானித்த செலவாக இருக்க வேண்டும், நடந்த செலவாக அல்ல. கட்டிங் மேசையில் துணியைச் சரியாக அடுக்காமல் வெட்டி வேஸ்ட் கூடினால், செலவு 415 ஆகலாம். நடந்த செலவுக்கே பில் போட்டால் அந்த 15 ரூபாயை ஷோரூம் சுமக்கும்; கட்டிங் மாஸ்டரை யாரும் கேட்க மாட்டார்கள். 400 என்று நிறுத்திவிட்டால் அது யூனிட்டின் லாபத்தில் விழும். இதைச் சொன்னதும் அதுவரை பேசாதிருந்த யூனிட் மேனேஜர், "அப்ப நூல் விலை ஏறுனா?" என்றார். துணி, நூல் விலையை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்துவது என்று எழுதிச் சேர்த்தோம்.