டோடோவின் முட்டையும் டாஸ்மானியாவின் கணக்குப் புத்தகமும்

டோடோ என்றதும் கொழுத்த, பறக்கத் தெரியாத, ஆளைக் கண்டால் ஓடக்கூடத் தெரியாத ஒரு பறவையின் படம் உங்கள் நினைவுக்கு வரும். கப்பலில் வந்த மாலுமிகள் அதைத் தடியால் அடித்துத் தின்றே தீர்த்துவிட்டார்கள் என்றும் படித்திருப்பீர்கள். அந்தக் கதை பாதிதான் உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள, பறவையை விட்டுவிட்டு அதன் முட்டையைப் பார்க்க வேண்டும்.

டோடோ வாழ்ந்தது மொரீஷியஸ் தீவில் மட்டும்தான். மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் உள்ள தீவு அது. டோடோ உண்மையில் ஒரு புறா. அதன் எலும்பிலிருந்து எடுத்த மரபணுவை 2002இல் ஆராய்ந்தபோது, இன்று உயிரோடு இருப்பவற்றில் அதற்கு மிக நெருங்கிய உறவு நிக்கோபார் புறா என்று தெரிந்தது. நம் நாட்டின் நிக்கோபார் தீவுகளில் பச்சையும் செம்பும் மின்னப் பறக்கிறதே, அதே புறாதான். டோடோவின் முன்னோரும் ஒரு காலத்தில் பறந்து வந்துதான் மொரீஷியஸில் இறங்கியிருக்க வேண்டும். அங்கே தரையில் வேட்டையாடும் பாலூட்டி எதுவுமே இல்லை. பறக்க வேண்டிய தேவை இல்லாததால் தலைமுறை தலைமுறையாக இறக்கை சிறுத்தது, உடல் பெருத்தது. கூடும் தரைக்கு வந்துவிட்டது. அந்தக் கூட்டில் டோடோ ஒரே ஒரு முட்டைதான் இட்டது என்று அந்தக் காலப் பயணி ஒருவர் எழுதிவைத்திருக்கிறார்.

1598இல் டச்சுக் கப்பல்கள் வந்தன. மாலுமிகள் டோடோவைப் பிடித்துச் சாப்பிட்டது உண்மைதான். ஆனால், 1638இல் டச்சுக்காரர்கள் அங்கே குடியேறிக் கோட்டை கட்டிய பிறகும், தீவில் இருந்த மனிதர்கள் மிகக் கொஞ்சம் பேர். தீவின் பெரும்பகுதி அடர்ந்த காடு. அந்தக் கோட்டையில் இருந்தவர்கள் தின்றுபோட்ட எலும்புகளை ஆய்வாளர்கள் தோண்டி எடுத்துப் பார்த்தார்கள். டோடோவின் எலும்பு ஒன்றுகூட அதில் இல்லை. இத்தனை குறைவான ஆட்கள் காடு முழுவதும் தேடி ஒவ்வொரு டோடோவையும் அடித்துக் கொன்றிருக்க முடியாது.

அப்படியானால் கொன்றது யார்? கப்பலோடு வந்தவை மனிதர்கள் மட்டுமல்ல. எலிகள் வந்தன, பன்றிகள் வந்தன, குரங்குகள் வந்தன. வளர்ந்த டோடோவை எதிர்ப்பது இவற்றில் பலவற்றுக்கு எளிதல்ல. ஆனால் தரையில் கிடக்கும் முட்டையைத் தின்ன எந்தத் தெம்பும் தேவையில்லை.

இப்போது ஒரு ஜோடி டோடோவை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒரு முட்டை வீதம் பத்து ஆண்டுகளில் பத்து முட்டைகள் என்று வைப்போம். எலி வராத காலத்தில் அவற்றில் இரண்டு மட்டும் பிழைத்து வளர்ந்தால்கூடப் போதும். அம்மா அப்பா இறந்தபின் அவர்கள் இடத்துக்கு இருவர் வந்துவிடுவார்கள், கூட்டம் குறையாது. எலியும் பன்றியும் வந்தபின் பத்து முட்டையும் போய்விட்டால்? அந்த ஜோடிக்கு ஒரு காயமும் இல்லை. முன்போலவே காட்டில் நடக்கும், பழம் பொறுக்கித் தின்னும். கரையில் இறங்கும் மாலுமிக்கு, தீவில் எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும். அவர் பார்ப்பது அத்தனையும் கிழட்டுப் பறவைகள் என்பது அவருக்குத் தெரியாது. கடைசிப் பறவை சாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, குஞ்சு வளராத நாளிலேயே அந்த இனத்தின் முடிவு தொடங்கிவிட்டது.

அந்தக் கடைசிப் பறவை எப்போது செத்தது? யாரும் எழுதிவைக்கவில்லை. ஓர் உயிரினம் முழுவதுமாக இல்லாமல் போக முடியும் என்ற எண்ணமே அன்று மனிதர்களுக்கு இல்லை. அதை ஐரோப்பாவில் குவியே என்ற அறிஞர் எலும்புகளை வைத்து வாதிட்டு நிறுவியது 1796இல்தான். டோடோவைக் கடைசியாகப் பார்த்ததாகப் பலரும் ஒத்துக்கொள்ளும் குறிப்பு 1662ஐச் சேர்ந்தது. கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய ஒரு டச்சு மாலுமி, மொரீஷியஸை ஒட்டிய ஒரு குட்டித் தீவில் டோடோக்களைக் கண்டதாக எழுதினார். அதற்கு முந்தைய குறிப்பு 1638. நடுவே 24 ஆண்டுகள் வெற்றிடம்.

இந்த வெற்றிடத்தையே வைத்து ஒரு கணக்குப் போட முடியும். உங்கள் தெருவுக்கு ஐஸ் வண்டிக்காரர் முதலில் இரண்டு நாளுக்கு ஒருமுறை வருகிறார், பிறகு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதத்துக்கு ஒருமுறை. அதன்பின் நீங்கள் அவரைப் பார்க்கவே இல்லை. நீங்கள் பார்த்த கடைசி நாள்தான் அவர் வந்த கடைசி நாள் என்று சொல்லிவிட முடியுமா? அதற்குப் பிறகும் ஓரிரு முறை, நீங்கள் கவனிக்காதபோது வந்து போயிருப்பார். இடைவெளிகள் எப்படி நீண்டுகொண்டே போயின என்பதைப் பார்த்தால், அவர் வருவதை எப்போது நிறுத்தியிருப்பார் என்று ஊகிக்கலாம். டோடோவைப் பார்த்த குறிப்புகளின் ஆண்டுகளை வரிசைப்படுத்தி, இரண்டு ஆய்வாளர்கள் 2003இல் இப்படித்தான் கணக்கிட்டார்கள். 1690ஐ ஒட்டி டோடோ இனம் முடிந்திருக்கும் என்று விடை வந்தது. பலரும் ஒத்துக்கொள்ளும் அந்தக் கடைசிக் குறிப்புக்குப் பிறகும் அது சுமார் 30 ஆண்டுகள் அந்தக் காட்டில் உலவியிருக்கலாம்!

இனி டாஸ்மானியாவுக்குப் போவோம். ஆஸ்திரேலியாவின் தெற்கே இருக்கும் தீவு. அங்கே வாழ்ந்த தைலசினுக்கு நாய் போன்ற தலை, முதுகில் புலிக்கு இருப்பதுபோல் வரிகள், கங்காருவைப் போல வயிற்றுப்பை. ஒரு வித்தியாசம், பையின் வாய் பின்பக்கமாகத் திறக்கும். ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் அது சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டது. டாஸ்மானியாவில் மட்டும் எஞ்சியிருந்தது.

டோடோவுக்கு நடந்தது யாரும் திட்டமிடாதது. தைலசினுக்கு நடந்ததற்குச் சட்டமன்றத்தில் வாக்கெடுப்பே நடந்தது. ஆடு வளர்த்த பண்ணைக்காரர்கள், எங்கள் ஆடுகளைத் தைலசின் கொன்று குவிக்கிறது என்று முறையிட்டார்கள். அதைக் கொல்பவருக்கு அரசு பணம் தர வேண்டும் என்ற தீர்மானம் 1886இல் வந்தது. ஆதரவு 12 வாக்கு, எதிர்ப்பு 11. ஒரே வாக்கில் நிறைவேறியது. 1888 முதல் வளர்ந்த தைலசின் ஒன்றுக்கு ஒரு பவுனும், குட்டிக்கு பத்து ஷில்லிங்கும் கொடுத்தார்கள்.

உண்மையில் அது ஆடு கொல்லியா? 2011இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதன் மண்டையோட்டைக் கணினியில் அப்படியே உருவாக்கி, கடிக்கும்போது தாடையில் எங்கே எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று சோதித்தார்கள். திமிறும் பெரிய இரையைப் பிடித்து நிறுத்த அந்தத் தாடை தாங்காது என்றும், சுமார் ஐந்து கிலோவுக்கு உட்பட்ட சிறு விலங்குகளே அதற்கு ஏற்ற இரை என்றும் முடிவுக்கு வந்தார்கள். ஆடுகள் செத்ததில் கட்டுப்பாடின்றித் திரிந்த நாய்களுக்கும் திருடர்களுக்கும் பங்கு உண்டு. பழி முழுவதும் வரி போட்ட விலங்கின் மேல் விழுந்தது.

பணம் கொடுத்தால் கணக்கு எழுத வேண்டும் அல்லவா? அந்தக் கணக்கு இன்றும் இருக்கிறது. மொத்தம் 2,184 தைலசின்களுக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதன் கடைசிப் பக்கங்கள். 1900இல் 153 தைலசின்கள். 1905இல் 111. அதற்கு அடுத்த ஆண்டு 58, பிறகு 42, பிறகு 17. 1909இல் வெறும் 2.

இந்த எண்களைப் பார்த்ததும் நீங்களே ஒரு கேள்வி கேட்பீர்கள். விலங்கு குறைந்ததா, வேட்டைக்காரர்கள் குறைந்தார்களா? நல்ல கேள்வி. உயிரோடு பிடித்து விலங்குக்காட்சி சாலைகளுக்கு விற்றால் கூடுதல் பணம் கிடைத்தது, அதனால் சில தைலசின்கள் இந்தக் கணக்கில் வராமல் போயிருக்கலாம். ஆனால் அரசு கொடுத்த தொகை குறையவில்லை. காட்டில் கண்ணி வைப்பவர்கள் தங்கள் தொழிலை விடவில்லை. அப்படியிருந்தும் நான்கே ஆண்டுகளில் 111, 2 ஆகச் சரிந்தது. நாய்க்கு வருவதுபோன்ற ஒரு நோய் அந்தச் சமயத்தில் பரவியதாகக் கண்ணி வைப்பவர்கள் சொன்னார்கள். நோயின் பங்கு எவ்வளவு, வேட்டையின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். எதுவாக இருந்தாலும் அந்த எண்கள் சொன்னது ஒன்றுதான்: காட்டில் தைலசின் இல்லாமல் போகிறது.

டோடோ காலத்து மாலுமியைப்போல டாஸ்மானியாக்காரர்களுக்குத் தெரியாமலும் இல்லை. இந்த விலங்கு அற்றுப்போகும் என்று ஜான் கூல்ட் என்ற இயற்கையியலாளர் 1863 வாக்கிலேயே எழுதியிருந்தார். 1909க்குப் பிறகு அரசு செய்தது, பணம் கொடுப்பதை நிறுத்தியது மட்டும்தான். கொல்லக்கூடாது என்று சொல்லவில்லை. 1930இல் ஒரு விவசாயி தன் பண்ணையில் ஒரு தைலசினைச் சுட்டார். காட்டில் கொல்லப்பட்டதாக நமக்கு உறுதியாகத் தெரிந்த கடைசித் தைலசின் அதுதான். பாதுகாப்புச் சட்டம் வந்தது 1936 ஜூலை 10இல். ஹோபார்ட் நகர விலங்குக்காட்சி சாலையில் இருந்த கடைசித் தைலசின் செப்டம்பர் 7இல் இறந்தது. இரண்டுக்கும் நடுவே 59 நாட்கள்.

இது இனி இல்லை என்று உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அறிவித்தது 1982இல். ஏன் இவ்வளவு தாமதம்? இருப்பதை நிரூபிக்க ஒரு விலங்கு போதும். இல்லை என்பதை நிரூபிக்கக் காடு முழுவதும் தேட வேண்டும், நீண்ட காலம் காத்திருக்க வேண்டும். எஞ்சியிருக்கும் ஒன்றிரண்டையும் இல்லை என்று சொல்லிவிட்டால், அவற்றைக் காப்பாற்ற யாரும் போக மாட்டார்கள். அதனால் இந்த அறிவிப்பில் அவசரப்படக்கூடாது. பாதுகாப்புச் சட்டம் இதற்கு நேர் எதிர். அது, விலங்குகள் நிறைய இருக்கும்போதே வர வேண்டியது. 111 என்பது 58 ஆன 1906இல் யாராவது அந்தக் கணக்கைப் படித்துவிட்டு எழுந்து நின்றிருந்தால், காப்பாற்றுவதற்குக் குட்டிகளும் தாய்களும் இருந்திருக்கும்.

டோடோ போன மொரீஷியஸிலேயே இப்போது வேறு மாதிரி வேலை நடக்கிறது. அங்கே மட்டும் வாழும் ஒரு சிறு வல்லூறு உண்டு. 1974இல் காட்டில் அதில் நான்கே நான்குதான் இருப்பதாகத் தெரிந்தது. கார்ல் ஜோன்ஸ் என்பவரும் அவருடைய குழுவும் கூட்டிலிருந்து முதல் முட்டைகளை எடுத்துப் பொரிப்பானில் வைத்தார்கள். முட்டை போனதும் தாய் மறுபடி முட்டையிட்டது. இப்படி ஒரே பருவத்தில் இருமடங்கு குஞ்சுகள். இப்போது அந்த வல்லூறுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

டோடோவின் உறவான இளஞ்சிவப்புப் புறாவும் 1990 வாக்கில் காட்டில் பத்துப் போல்தான் இருந்தது. கரைக்கு அருகே உள்ள ஈலோ எக்ரெத் என்ற குட்டித் தீவிலிருந்து எலிகளை முழுவதுமாக ஒழித்துவிட்டு அங்கேயும் அந்தப் புறாக்களை விட்டார்கள். குஞ்சின் காலில் எண் போட்ட வளையம் மாட்டுகிறார்கள். எது பிழைத்தது, எது முட்டையிட்டது என்று எழுதுகிறார்கள், எழுதியதைப் படித்து அடுத்த பருவத்துக்குத் திட்டம் போடுகிறார்கள். இன்று 400க்கும் மேற்பட்ட புறாக்கள் இருக்கின்றன. ஆனாலும் பெரிய தீவின் காட்டில் எலிகளும் குரங்குகளும் இன்னும் திரிகின்றன. அதனால் புறாக்களுக்குத் தீனி வைப்பதையும் எலிக்குப் பொறி வைப்பதையும் அவர்கள் ஆண்டு முழுவதும் தொடர வேண்டியிருக்கிறது.