டிவி விளம்பரம் எத்தனை லிட்டர் விற்றது?

ஒரு நல்லெண்ணெய் கம்பெனி டிவியில் விளம்பரம் போடுகிறது. பார்த்தவர் அடுத்த வாரம் தெருமுனை மளிகைக் கடையில் ஒரு பாக்கெட் வாங்குகிறார். விளம்பரம் பார்த்துத்தான் வாங்கினாரா என்பது கடைக்காரருக்கும் தெரியாது, கம்பெனிக்கும் தெரியாது.

அதனால் ஆளைத் தேடுவதை விட்டுவிட்டு வாரங்களை ஒப்பிடுகிறார்கள். இரண்டு மூன்று வருஷத்துக் கணக்கை எடுத்து, ஒவ்வொரு வாரமும் எவ்வளவு விற்றது, விலை என்ன, எத்தனை கடைகளில் சரக்கு இருந்தது, பண்டிகை உண்டா, விளம்பரம் எவ்வளவு ஓடியது என்று அட்டவணை போடுவார்கள். மற்றவற்றின் பங்கைக் கழித்தால் விளம்பரத்துக்கு என்ன மிஞ்சுகிறது என்பதை ரிக்ரெஷன் என்ற புள்ளியியல் முறை மதிப்பிடும். இதுதான் மார்க்கெட்டிங் மிக்ஸ் மாடலிங். விற்பனை என்பது கடையில் விற்றதாக இருக்க வேண்டும். டீலருக்கு அனுப்பியதை எழுதினால், விலையேற்றத்துக்கு முன் அவர்கள் வாங்கிக் குவித்ததும் விளம்பரத்தின் கணக்கில் சேர்ந்துவிடும்.

விளம்பரம் ஓடிய வாரத்தோடு மனதிலிருந்து மறைந்துவிடுவதில்லை. இந்த மிச்சத் தாக்கத்துக்கு 1979இல் சைமன் பிராட்பென்ட் 'ஆட்ஸ்டாக்' என்று பெயர் வைத்தார். ஒரு கற்பனைக் கணக்கு: 3 லட்ச ரூபாய் விளம்பரம் முதல் வாரம் 2,000 லிட்டர் கூடுதலாக விற்றது, லிட்டருக்கு லாபம் 60 ரூபாய். அந்த வாரத்தை மட்டும் பார்த்தால் வந்தது 1.2 லட்சம்தான். வாரத்துக்கு வாரம் பாதி தாக்கம் தங்கும் என்றால் 2,000, 1,000, 500 என்று குறைந்துகொண்டே போய் மொத்தம் 4,000 லிட்டர், 2.4 லட்சம். அப்போதும் நஷ்டம். பாதிக்குப் பதில் 70 சதவீதம் தங்கும் என்று வைத்தால் சுமார் 6,670 லிட்டர், 4 லட்சம், அதாவது லாபம். அசல் மாடலில் முதல் வாரத்து 2,000 என்ற எண்ணும் இதற்கேற்பக் கொஞ்சம் மாறும் என்றாலும், இப்படி ஒரே அனுமானம் தீர்ப்பைப் புரட்டிப்போடலாம். ஏஜென்சி நீட்டும் அறிக்கையில் நான் முதலில் கேட்பது இந்தச் சதவீதத்தைத்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல் தீபாவளி. எண்ணெய்க் குளியலுக்காக நல்லெண்ணெய் தானாகவே விற்கும் வாரம் அது. கம்பெனி விளம்பரத்தைக் கொட்டுவதும் அப்போதே. இரண்டும் எப்போதும் சேர்ந்தே ஏறினால் எது எதை விற்றது என்று எந்தக் கணிதமும் பிரிக்க முடியாது. மாடல் ஏதோ ஒரு எண்ணைத் தரத்தான் செய்யும். நாலு வாரக் கணக்கை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டும்போது அந்த எண் தாறுமாறாக மாறினால், அதை நம்பிப் பணம் போடக் கூடாது.

பிரிக்க வேண்டுமானால் விளம்பரத்தை வேண்டுமென்றே கலைக்க வேண்டும். மாநிலம் முழுக்கத் தெரியும் டிவியில் இது கடினம். எஃப்எம் ரேடியோவிலும் சுவர் விளம்பரத்திலும் முடியும். விற்பனை ஒன்றுபோல ஏறி இறங்கும் ஊர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் ரேடியோவை எட்டு வாரம் நிறுத்துகிறார்கள். ரேடியோவால் வாரம் 800 லிட்டர் கூடுகிறது என்று மாடல் சொல்லியிருந்து, நிறுத்திய ஊர்களில் 300 லிட்டர்தான் குறைந்தது என்றால், திருத்த வேண்டியது பெரும்பாலும் மாடலைத்தான்.